பி-யை யார் ஒன்றாக்கியது?

தடாலென்று ஒரு சத்தம். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு சிவப்புப் பேனாக்களும் ஒரே நேரத்தில் நின்றன.

வாசலருகே பண்டல் அக்காவின் தள்ளுவண்டி ஒரு சக்கரத்தை இழந்து சாய்ந்து கிடந்தது. கழன்ற சக்கரம் மட்டும் தன் வேலையை விடாமல் உருண்டு போய், தலைமைத் தேர்வாளரின் மேஜைக் காலில் முட்டி நின்றது. வண்டியில் அடுக்கியிருந்த விடைத்தாள் கட்டுகள் எல்லாம் தரையில். அதில் ஒரே ஒரு கட்டு அவிழ்ந்து விசிறி மாதிரி விரிந்திருந்தது.

“யாரும் எழுந்திருக்க வேணாம்,” என்றார் பண்டல் அக்கா. “எழுந்து வந்து மிதிக்கத்தான் போறீங்க. நானே பொறுக்கிக்கறேன்.”

“அவிழ்ந்த கட்டு யாரோடது?” என்று தலைமை கேட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

“முடிச்சப் பாத்தாத் தெரியலையா மேடம்? ஷூ லேஸ் மாதிரி போட்டிருக்கு. வீட்டுக்காரர் சாரோடதுதான்.”

கூடம் சிரித்தது. வீட்டுக்காரர் சார் எழுந்தார்.

அவரும் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருஷமாகக் கணினி சொல்லிக்கொடுக்கிறவர்தான். ஆனால் இந்த விடைத்தாள் திருத்தும் முகாமில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. காரணம், மூலை மேஜையில் மூக்குக்கண்ணாடியை நுனிமூக்கில் நிறுத்தி உட்கார்ந்திருக்கும் தலைமைத் தேர்வாளர் அவருடைய மனைவி. முகாம் தொடங்கிய முதல் நாளே தலைமை ஒரு சட்டம் போட்டிருந்தார். கூடத்துக்குள் அவர் மேடம், இவர் சார். “என்னங்க”, “ஏம்மா” எல்லாம் பஸ் ஸ்டாப்புக்கு அப்புறம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அது எல்லாருக்கும். செல்போன், கம்ப்யூட்டர் எதுவும் கூடத்துக்குள் கூடாது. போன்கள் ஒரு மரப்பெட்டியில். பெட்டியின் சாவி தலைமையின் கழுத்து அட்டையோடு சேர்ந்து தொங்கும்.

வீட்டுக்காரர் குனிந்து தாள்களைச் சேர்த்தார். மேலே மஞ்சள் சீட்டு ஒட்டிய கட்டு அது. மஞ்சள் என்றால் கடைசி வாய்ப்பு. அடிப்படை நிரலாக்கம் என்கிற இந்தத் தாளில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவர்கள். இந்த முறையும் நாற்பது வரவில்லை என்றால் படிப்பே கையை விட்டுப் போகும். அதனால் மஞ்சள் கட்டுக்கு மட்டும் தனி மரியாதை. மற்ற கட்டுகள் முகாம் முடியும்வரை பீரோவில் இருக்கும். மஞ்சள் கட்டு அன்றைக்கு நாலு மணிக்கே மாடி அலுவலகத்துக்குப் போய், மதிப்பெண் பதிவாகிவிடும்.

இப்போது மணி மூன்று ஐந்து.

கையில் எடுத்த ஒரு விடைத்தாள் நடுவில் திறந்து கிடந்தது. பதினாலாவது கேள்வியின் பக்கம். ஐந்துக்கு ஒன்று என்று தன் கையாலேயே சிவப்பில் போட்டிருந்தது கண்ணில் பட்டது. போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எழுதியவர் முதலில் ஒரு முக்கோணம் எழுதியிருந்தார். முதல் வரியில் 1, அடுத்ததில் 12, அடுத்ததில் 123, பிறகு 1234. எல்லாரும் எழுதுகிற முக்கோணம். அதன் குறுக்கே ஒரே கோடு போட்டு அடித்திருந்தார். அதற்குக் கீழே 1, 2, 3, 4 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு வரி. ஐந்தாவது வரியில் மறுபடி ஒரு 4.

பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம். ஏ, பி, சி என்று மூன்று பத்தி. அதற்கடியில் குட்டி எழுத்தில் ஒரு வாக்கியம். திருத்தும் வேகத்தில் வீட்டுக்காரர் அதைப் படித்திருக்கவில்லை. இப்போது, தரையில் குந்தியபடி, படித்தார்.

‘பி-யை யாரும் திரும்ப ஒன்று ஆக்கவில்லை.’

“சார், உக்காந்தே தூங்கிட்டீங்களா?” என்றார் பண்டல் அக்கா. “கொடுங்க, நான் கட்டறேன். நீங்க கட்டினா மாடிப்படியில மறுபடி அவிழும்.”

“ஒரு நிமிஷம் இருங்கக்கா. இது என்கிட்டயே இருக்கட்டும்.”

மேஜைக்குத் திரும்பி வினாத்தாளை எடுத்தார். பதினாலாவது கேள்வி ஒரு சின்ன நிரல். அதை ஓட்டினால் திரையில் என்ன வரும் என்று எழுத வேண்டும். ஐந்து வரி விடை, வரிக்கு ஒரு மார்க். நிரல் சொல்வது இவ்வளவுதான்:

ஏ-யில் 1 போடு. பி-யில் 1 போடு. சி-யில் 0 போடு.
ஏ நாலைத் தாண்டாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்:
— பி, ஏ-யைத் தாண்டாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்: பி-யில் உள்ளதை அதே வரியில் எழுது, பி-யில் ஒன்று கூட்டு, சி-யில் ஒன்று கூட்டு.
— அடுத்த வரிக்குப் போ. ஏ-யில் ஒன்று கூட்டு.
எல்லாம் முடிந்ததும் சி-யில் உள்ளதை எழுது.

சுற்றுக்குள் ஒரு சுற்று. வெளிச்சுற்று ஒரு தடவை சுற்றுவதற்குள் உள்சுற்று தன் வேலையை முடிக்கும். எல்லாப் புத்தகத்திலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் விடை முக்கோணம்தான். விடைக்குறிப்பிலும் அதுதான் இருந்தது. கேள்வி எடுத்தவர் அனுப்பியதிலிருந்து தலைமை தன் முத்து முத்தான கையெழுத்தில் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்த விடைக்குறிப்பில், 1, 12, 123, 1234, கடைசி வரியில் 10.

வீட்டுக்காரர் ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தார். முக்கோணம்தான் வந்தது.

அப்பாடா என்று பேனாவை மூடப் போனவர், இரண்டாவது வரியில் தான் எழுதிய 12-ஐப் பார்த்தார். அந்த 1 எங்கிருந்து வந்தது? முதல் வரி முடியும்போதே பி இரண்டாகிவிட்டதே. அதை மறுபடி ஒன்றாக்கியது யார்? நிரலில் அப்படி ஒரு வரி இல்லை. அவருடைய கைதான் ஆக்கியிருந்தது. பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் முக்கோணம் போட்டுப் பழகிய கை, யாரையும் கேட்காமல் போட்டுவிட்டது.

புத்தகத்துக் கணக்கில் ‘பி-யில் 1 போடு’ என்கிற வரி வெளிச்சுற்றுக்கு உள்ளே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பி புதிதாக ஒன்றிலிருந்து கிளம்பும். இந்தத் தாளில் அந்த வரி வாசலுக்கு வெளியே நின்றது.

அப்படியானால் மஞ்சள் சீட்டுக்காரர் எழுதியது சரி. வீட்டுக்காரர் முதல் பக்கத்தைப் புரட்டினார். மொத்தம் முப்பத்தேழு. பதினாலாவது கேள்விக்கு முதல் வரியின் 1 மட்டும் பொருந்தியதால் ஒரு மார்க் கிடைத்திருக்கிறது. ஐந்தும் கொடுத்தால் நாற்பத்தொன்று.

இன்னும் ஐம்பது நிமிஷத்தில் ஒரு சரியான ஆள் தோற்றுப்போகப் போகிறார்.

இதைப் போய் மூலை மேஜையில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வீட்டுக்காரரின் கால் எழவில்லை. காரணம், அவர் சட்டைக் காலரில் இருந்தது. இஸ்திரிப்பெட்டி சுட்ட ஒரு பழுப்புத் தழும்பு.

ஞாயிற்றுக்கிழமை அவர் இந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி ஒரு தாளோடு வந்து நின்றார். “என்னங்க, இந்தப் பதினாலாவது கேள்விய ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன். எனக்கு முக்கோணம் வருது.” இவர் தொலைக்காட்சியில் ஒரு கண், சட்டையில் ஒரு கண் என்று இருந்தார். தாளுக்குக் கொடுக்க மூன்றாவது கண் இல்லை. பத்து நொடி கழித்து, “ஓட்டிட்டேம்மா, சரியா இருக்கு,” என்றார். அந்தப் பத்து நொடியில் ஓடியது இஸ்திரிப்பெட்டி மட்டும்தான். அதுவும் காலரில் போய் நின்றுவிட்டது.

பக்கத்து நாற்காலியில் மின்னல் உட்கார்ந்திருந்தார். மற்றவர் ஒரு தாள் திருத்தும் நேரத்தில் இரண்டு திருத்துகிறவர். முதலில் அவரிடம் நீட்டினார்.

“மின்னல், இத ஓட்டிப் பாருங்க.”

மின்னல் நாலு நொடி பார்த்தார். “முக்கோணம். பத்து.”

“ரெண்டாவது வரியில ஒண்ணு எப்படி வந்துச்சு?”

“எப்படின்னா? எப்பவும் வர்றதுதான்.”

“எப்பவும் வரும். இதுல எப்படி வருது?”

“சார், உங்களுக்கு ஒரு தாளுக்குப் பத்து நிமிஷம். எனக்கு அஞ்சு. அந்த அஞ்சு நிமிஷ வித்தியாசத்துக்குக் காரணம் இந்த மாதிரி கேள்விதான்.”

இனித் தள்ளிப்போட முடியாது. வீட்டுக்காரர் விடைத்தாளை எடுத்துக்கொண்டு மூலை மேஜைக்குப் போனார். கழன்ற சக்கரம் இன்னும் அங்கேயே கிடந்தது. அதைத் தாண்டி நின்றார்.

“மேடம்.”

“சொல்லுங்க சார்.”

“பதினாலாவது கேள்வி. விடைக்குறிப்பு தப்போன்னு ஒரு சந்தேகம்.”

தலைமை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வீட்டில் உப்பு டப்பாவைத் தேடும்போது பார்க்கிற அதே பார்வை. “இன்னைக்குக் கிழமை என்ன சார்?”

“செவ்வாய்.”

“ஞாயித்துக்கிழமை இதே கேள்விய ஒருத்தர் ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னார். அவரும் உங்கள மாதிரியேதான் இருப்பார். காலர் மட்டும் அப்போ நல்லா இருந்துச்சு.”

பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். வீட்டுக்காரருக்குக் காது சூடானது. ஆனால் தாளை மேஜையில் வைத்தார். பென்சில் வரியின் மேல் விரல் வைத்தார்.

தலைமை படித்தார். வினாத்தாளை இழுத்தார். வாய்க்குள் முணுமுணுத்தபடி விரலால் மேஜையில் எழுதினார். “ஒண்ணு. அடுத்தது ஒண்ணு, ரெண்டு...” நின்றார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் “ஒண்ணு, ரெண்டு” என்றே வந்தது.

“எனக்கும் அப்படித்தான் மேடம் வந்துச்சு. கை தானாப் போடுது.”

“அப்ப எது சரின்னு ஓட்டிப் பாத்துட வேண்டியதுதானே,” என்றார் மின்னல். “மாடியில லேப் இருக்கு.”

“லேப் சாவி வச்சிருக்கிறவர் நாளைக்குத்தான் வருவார். கட்டு நாலு மணிக்குப் போகணும்,” என்றார் தலைமை. “அதோட, பையனும் பொண்ணும் கம்ப்யூட்டர் இல்லாம கையாலதானே போட்டாங்க. நம்மளால முடியாதா?”

“முடியுது மேடம். எல்லாருக்கும் முக்கோணமா முடியுது,” என்றார் வீட்டுக்காரர். “நமக்கெல்லாம் விடை முன்கூட்டியே தெரியும். அதுதான் கஷ்டம். விடை தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்.”

ஏழு பேரும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

பண்டல் அக்கா சக்கரம் இல்லாத வண்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். “என்ன, எல்லாரும் என்னயப் பாக்கறீங்க? வண்டிய நான் உடைக்கல. அது ரெண்டு வருஷமா உடைஞ்சுக்கிட்டே இருக்கு.”

“அக்கா, பத்து நிமிஷம் கம்ப்யூட்டரா இருக்க முடியுமா?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“சம்பளம் அதே சம்பளந்தானே?”

“அதேதான்.”

“அப்பச் சரி. புதுசா ஒண்ணும் இல்ல. என்ன செய்யணும்?”

மூன்று காலி சாக்பீஸ் டப்பாக்கள் வந்தன. மேலே ஏ, பி, சி என்று எழுதினார்கள். துண்டுச்சீட்டு ஒரு கட்டு. வீட்டுக்காரர் விதியைச் சொன்னார். ஒரு டப்பாவில் ஒரே ஒரு சீட்டுதான் இருக்கலாம். புது எண் போட்டால் பழைய சீட்டைக் கிழித்துவிட வேண்டும். தாளில் எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும். எழுதாததைச் செய்யக் கூடாது. நிரலைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்தார்.

“எழுதாதத செய்யக் கூடாது,” என்று பண்டல் அக்கா திருப்பிச் சொன்னார். “இந்த விதி எங்க மாமியாருக்குத் தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.”

ஏ-யில் ஒன்று விழுந்தது. பி-யில் ஒன்று. சி-யில் சைபர்.

“ஏ நாலத் தாண்டிருச்சா? இல்ல. உள்ள போறேன். பி, ஏ-யைத் தாண்டிருச்சா? ஒண்ணும் ஒண்ணும். தாண்டல. பி-ல இருக்கறத எழுதணும்.” கரும்பலகையில் 1 என்று எழுதினார். “பி-ல ஒண்ணு கூட்டு.” பழைய சீட்டைக் கிழித்து 2 போட்டார். சி-யில் 1 போட்டார். “மறுபடி கேக்கணுமா? பி, ஏ-யைத் தாண்டிருச்சா? ரெண்டு, ஒண்ணு. தாண்டிருச்சு. அப்ப உள் வேல முடிஞ்சுது. அடுத்த வரி. ஏ-ல ஒண்ணு கூட்டு.”

ஏ-யில் 2 விழுந்தது. கூடத்தில் யாரும் திருத்தவில்லை.

“ஏ நாலத் தாண்டல. உள்ள போறேன். பி, ஏ-யைத் தாண்டிருச்சா? ரெண்டும் ரெண்டும். தாண்டல. எழுதறேன்.”

கரும்பலகையின் இரண்டாவது வரியில் 2 என்று எழுதினார்.

“அக்கா, அக்கா,” மின்னல் பதறிவிட்டார். “முதல்ல ஒண்ணு எழுதணும். பி டப்பாவுல ஒண்ணு போடுங்க.”

பண்டல் அக்கா தாளை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். “போடணும்னு எங்க எழுதியிருக்கு?”

“அது... மேல எழுதியிருக்கே. பி-யில் 1 போடுன்னு.”

“அது மேல. அத நான் அப்பவே போட்டாச்சு. திரும்பச் செய்ங்கறது இந்த வரிலேர்ந்துதானே ஆரம்பிக்குது. நான் எதுக்கு மேல போறேன்? எனக்கு வேற வேல இல்லையா?”

மின்னல் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு ஐந்து நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

“கம்ப்யூட்டரத் தொந்தரவு பண்ணாதீங்க மின்னல்,” என்றார் வீட்டுக்காரர்.

பண்டல் அக்கா தொடர்ந்தார். பி-யில் 3, சி-யில் 2. தாண்டிவிட்டது, அடுத்த வரி, ஏ-யில் 3. எழுதியது 3. பி-யில் 4, சி-யில் 3. அடுத்த வரி, ஏ-யில் 4. எழுதியது 4. பி-யில் 5, சி-யில் 4. அடுத்த வரி, ஏ-யில் 5.

“ஏ நாலத் தாண்டிருச்சு. எல்லாம் முடிஞ்சுது. சி-ல என்ன இருக்கு? நாலு.” ஐந்தாவது வரியில் 4 எழுதிவிட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டினார். “இவ்வளவுதானா? இதுக்கா வருஷாவருஷம் இத்தன பேர் ஃபெயில் ஆகறாங்க?”

கரும்பலகையில் 1, 2, 3, 4, 4 என்று நெட்டுக்குத்தாக நின்றது. மேஜையில் விரிந்திருந்த மஞ்சள் சீட்டுக்காரரின் தாளில் இருந்தது அதே ஐந்து வரி.

தலைமை கரும்பலகையைப் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தில் இருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் என்னமோ ஒன்று வந்து போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

“கேள்வி எடுத்தவரச் சொல்லணும்,” என்றார் மின்னல். தோற்ற கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. “அந்த ஒரு வரிய உள்ள போடாம வெளிய போட்டுட்டு, விடை மட்டும் பழைய முக்கோணத்த எழுதி அனுப்பியிருக்கார். யாரோ எவரோ. கேள்வியாவது அவர் எடுத்ததா, எங்கேயாவது சுட்டதா?”

தலைமை விடைக்குறிப்பை மடித்து வைத்தார். எழுந்தார்.

“விடைக்குறிப்பு தப்பு. பொறுப்பு என்னோடது. இதுவர திருத்தின எல்லாத் தாளுலயும் பதினாலாவது கேள்விய மட்டும் மறுபடி பாக்கணும். மஞ்சள் கட்டு முதல்ல.”

“மேடம், அறுநூறு தாள்,” என்றது ஒரு குரல்.

“அறுநூத்திப் பன்னெண்டு. ஒரு பக்கம்தான். ஒரு தாளுக்கு அரை நிமிஷம் போதும். மின்னல் இருக்கார், நமக்கென்ன கவலை.”

அந்தக் கஷ்டத்திலும் கூடம் சிரித்தது. மின்னலும் சிரித்தார். தலைமை மேலே போய் மாடி அலுவலகத்தில் பேசிவிட்டு வந்தார். மஞ்சள் கட்டுக்கு நாலரை மணி வரை அவகாசம் கிடைத்தது. கூடவே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி வந்து, மூலை மேஜையில் குனிந்து, என்னவோ ஒரு பக்கம் எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார். யாருக்கும் காட்டவில்லை.

வீட்டுக்காரர் மஞ்சள் கட்டின் முதல் தாளாக அதையே எடுத்தார். ஒன்றை அடித்து ஐந்து போட்டார். பக்கத்தில் சுருக்கொப்பம். முப்பத்தேழை அடித்து நாற்பத்தொன்று. தலைமையிடம் கொண்டுபோய் நீட்டினார். தலைமை கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார்.

“முக்கோணத்த எழுதிட்டு, அடிச்சிருக்காங்க பாருங்க,” என்றார் மெதுவாக. “எவ்வளவு தைரியம் வேணும். தப்பான விடை எவ்வளவு அழகா இருக்கு, சரியான விடை எவ்வளவு மொட்டையா இருக்கு.”

“கடைசி வாய்ப்புல வேற.”

“அதான் சார் சொல்றேன்.”

மஞ்சள் கட்டு நாலு இருபத்தைந்துக்குப் போனது. முடிச்சைப் பண்டல் அக்காவே போட்டார். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே மாடியேறினார். வண்டியை நம்பத் தயாராக இல்லை.

மற்ற தாள்களை முடிக்க ஆறேகால் ஆனது. அறுநூற்றுப் பன்னிரண்டில் நெட்டுக்குத்தாக எழுதியவர்கள் பதினேழு பேர். மற்றவர்கள் எல்லாம் முக்கோணம், அல்லது முக்கோணத்தின் தூரத்துச் சொந்தம். முக்கோணம் எழுதிய எல்லாருக்கும் ஐந்து ஒன்றாகக் குறைந்தது. அதில் ஏழு பேர் நாற்பதுக்குக் கீழே போனார்கள். அந்த ஏழு எண்களையும் தலைமை தனிச்சீட்டில் எழுதி, தேர்வு வாரியத்தின் பார்வைக்கு என்று குறித்து, அந்த உறையோடு சேர்த்து மேலே அனுப்பினார். போன் பெட்டியைத் திறந்து விட்டார். ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

“மேடம் மாதிரி வராது,” என்று மின்னல் போகும்போது வீட்டுக்காரர் காதில் சொன்னார். “எவனோ பண்ணின தப்பத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க பாத்தீங்களா? நானா இருந்தா பேரச் சொல்லியிருப்பேன்.”

பஸ் ஸ்டாப்பில் கூட்டம் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பி, இரண்டு திருப்பம் திரும்பியது. ஜன்னல் பக்கம் மனைவி. மடியில் கைப்பை. கழுத்து அட்டையைக் கழற்றி உள்ளே போட்டாயிற்று. இனி சார், மேடம் இல்லை.

“ஏம்மா.”

“ம்.”

“ஞாயித்துக்கிழம.”

“ஞாயித்துக்கிழம என்ன?”

“நீ அந்தத் தாளக் காட்டினே இல்ல. நான் ஓட்டிட்டேன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“ஓட்டல.”

மனைவி திரும்பிப் பார்த்தார். இவர் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி மளமளவென்று கொட்டினார். “பாக்கவே இல்ல. டி.வி.யப் பாத்துக்கிட்டு, சட்டையத் தேச்சுக்கிட்டு, வாய்க்கு வந்தத சொன்னேன். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். சரி, பாத்திருந்தா எனக்கும் முக்கோணம்தான் வந்திருக்கும். இருந்தாலும் பாக்காம சொன்னது தப்பு. அறுநூறு தாள், ஏழு பேரு, எல்லாம் அந்தப் பத்து செகண்டால. நீ பாட்டுக்கு எல்லார் முன்னாடியும் பொறுப்பு என்னோடதுன்னு சொல்லிட்டே. எனக்கு அந்த எடத்துலயே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீங்க பாக்கலன்னு. தாள நான் தலகீழாப் பிடிச்சிருந்தேன்.”

வீட்டுக்காரர் கம்பியிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினார். “அப்புறம் ஏன் விட்டே?”

“உங்களக் கேட்டது சரி பாக்க இல்ல. சரின்னு ஒரு வார்த்த கேக்கணும் போல இருந்துச்சு. கேட்டாச்சு. தூக்கம் வந்துச்சு.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். மனைவி கைப்பையின் பட்டையை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“அந்த உறையில என்னதான் எழுதினே?” என்று கேட்டார் வீட்டுக்காரர். பாரத்தை இறக்கியதில் குரல் தெம்பாகிவிட்டது. “கேள்வி எடுத்த அந்த மனுஷன் பேரு கெடக் கூடாதுன்னு எல்லாத்தையும் உன் மேலயே போட்டுக்கிட்டியா? மின்னல் உன்னய ஒரே புகழ். அவர் தப்புக்கு நீ ஏம்மா கையெழுத்து போடணும்?”

மனைவி பட்டையை விட்டார். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“அவர் அனுப்பின விடைக்குறிப்புல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, நாலுன்னுதாங்க இருந்துச்சு, பாவம், கை தவறி எழுதிட்டார்னு நெனச்சு நான்தான் அதத் திருத்தி முக்கோணமாக்கினேன்.”